யாரோடு ஒப்பிடுகிறோம், எதோடு ஒப்பிடுகிறோம்

ஓணப் பரீட்சைத் தாள் திருத்தி முடிந்ததும், புதிதாக வேலைக்கு வந்தவர்கள் பலரும் முதலில் மார்க்கைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்குகிறார்கள். முதல் மூன்று பேர், கடைசி ஐந்து பேர் என்று வகுப்பு உடனே பிரிந்துவிடுகிறது. சித்தூர், கொழிஞ்சாம்பாறை பக்கத்துத் தமிழ் வழிப் பள்ளிகளில் இந்த ஜூனில் சேர்ந்த உங்களிடம் அந்தப் பட்டியலைப் பற்றித்தான் பேச நினைக்கிறேன். இந்த வகுப்பில் யார் யாரைவிட முன்னால் நிற்கிறார்கள் என்பதை அது சொல்லும். ஒரு பிள்ளைக்குப் பின்னம் கூட்டத் தெரியுமா என்று கேட்டால் அதில் பதில் இருக்காது.

பி.எட். படிப்பில் நார்ம் சார்ந்த மதிப்பீடு, கிரைட்டீரியன் சார்ந்த மதிப்பீடு என்று இரண்டையும் படித்திருப்பீர்கள். ஒரு பிள்ளையின் மார்க்கை மற்றப் பிள்ளைகளின் மார்க்கோடு வைத்துப் பார்த்தால் அது முதல் வகை. முன்கூட்டியே எழுதிவைத்த ஓர் அளவோடு வைத்துப் பார்த்தால் இரண்டாவது. அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் கிளேசர் 1963-இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் இந்தப் பிரிவு கல்வித்துறையில் பரவலாகப் பேசப்பட்டது. கேரளத்தில் கார் லைசென்ஸ் எடுக்க ‘எச்’ போட்டுக் காட்ட வேண்டும். கம்பியில் இடிக்காமல் போட்டால் பாஸ். அன்று வந்த எல்லோரும் சரியாகப் போட்டால் எல்லோரும் பாஸ். எல்லோரும் இடித்தால் ஒருவரும் இல்லை. பக்கத்தில் நிற்பவர் எப்படி ஓட்டினார் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. இது சுத்தமான கிரைட்டீரியன் சார்ந்த மதிப்பீடு.

இப்போது வகுப்புக்கு வருவோம். ஐந்தாம் வகுப்பில் பின்னங்கள் பாடம் முடிந்து 25 மார்க்குக்கு ஒரு பரீட்சை வைக்கிறீர்கள். இரண்டு பிள்ளைகள் ஆளுக்கு 15 வாங்குகிறார்கள், ரேங்கும் ஒன்றே. ஆனால் தாளை விரித்துப் பாருங்கள். ஒருத்தி ஓரினப் பின்னங்களைக் கூட்டுவதையும் கழிப்பதையும் ஒன்று விடாமல் சரியாகச் செய்திருக்கிறாள்; பகுதி வேறாக இருக்கும் கணக்குகளைத் தொடவே இல்லை. இன்னொருவன் எல்லாக் கணக்கையும் போட்டிருக்கிறான், எல்லாவற்றிலும் வழி சரிதான், ஆனால் பெருக்கும்போது 7, 8 வாய்ப்பாட்டில் தடுமாறி விடையைத் தவறவிட்டிருக்கிறான். அவளுக்கு வேற்றினப் பின்னங்களை மறுபடி நடத்த வேண்டும். அவனுக்கு அது தேவையே இல்லை, வாய்ப்பாடு போதும். 15 என்ற எண்ணையும் ரேங்கையும் மட்டும் பார்க்கிற ஆசிரியர் இரண்டு பேரையும் ஒரே ஸ்பெஷல் கிளாஸில் உட்கார வைத்து, இருவருக்கும் உதவாத ஒன்றை நடத்துவார்.

ரேங்கில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. முதலமடைப் பக்கம் ஒரு சின்னப் பள்ளியில் பன்னிரண்டு பேரில் முதலாவதாக இருக்கும் பெண், பாலக்காடு டவுனில் ஒரு பெரிய பள்ளிக்கு மாறினால் இருபதாவதாகப் போகலாம். அவளுக்குத் தெரிந்தது ஒரு துளிகூடக் குறையவில்லை. சுற்றியிருப்பவர்கள் மாறினார்கள், அவ்வளவுதான். மீட்டிங்குக்கு வரும் அம்மாவிடம் ‘பிள்ளை பின்தங்கிவிட்டாள்’ என்று சொல்லும் முன் இதை யோசியுங்கள்.

அதற்காக ஒப்பீடே தப்பு என்று நான் சொல்லவில்லை. இடம் குறைவு, ஆள் அதிகம் என்றால் வேறு வழி கிடையாது. ஜே.இ.இ. மெயின் தேர்வின் பெர்சென்டைல் அப்படிப்பட்டது. 90 பெர்சென்டைல் என்றால் நூற்றுக்குத் தொண்ணூறு மார்க் என்று பெற்றோர் மட்டுமல்ல, சில ஆசிரியர்களும் நினைக்கிறார்கள். எழுதியவர்களில் 90 சதவீதம் பேர் அந்தப் பிள்ளை எடுத்த அளவோ அதற்குக் கீழோ வாங்கினார்கள் என்பதே அதன் பொருள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதும் என்.எம்.எம்.எஸ். உதவித்தொகைத் தேர்வில் இரண்டு வகையும் சேர்ந்தே வருகின்றன. முதலில் குறைந்தபட்சம் 40 சதவீதம் எடுக்க வேண்டும், எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு 32. இது அளவுகோல். அதைத் தாண்டியவர்களில் மாநிலத்துக்கு ஒதுக்கிய எண்ணிக்கைக்குள் யார் வருவார்கள் என்பது ஒப்பீடு. அதனால் 40 சதவீதம் தாண்டியும் உதவித்தொகை கிடைக்காத பிள்ளை ‘தோற்றான்’ என்று தயவுசெய்து சொல்லாதீர்கள்.

நம் எஸ்.எஸ்.எல்.சி. கிரேடு எந்தப் பக்கம்? 90 சதவீதமோ அதற்கு மேலோ யார் எடுத்தாலும் ஏ பிளஸ், எத்தனை பேர் எடுத்தாலும் ஏ பிளஸ். ஆகவே அது ஒப்பீடு அல்ல. ஆனாலும் ஏ பிளஸ் என்ற எழுத்து, பிள்ளைக்கு எது தெரியும் எது தெரியாது என்று தனியாகச் சொல்வதில்லை. அளவுகோல் சார்ந்தது என்று முழு மனதாகச் சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு. மத்திய அரசின் நிபுண் பாரத் திட்டத்தின் இலக்குகள் இதைவிடத் தெளிவு: மூன்றாம் வகுப்பு முடிவில் நிமிடத்துக்குக் குறைந்தது 60 சொற்கள் பொருள் புரிந்து வாசிக்க வேண்டும், 9999 வரை எண்களை வாசித்து எழுத வேண்டும். கேட்டுப் பார்த்தால் உண்டா இல்லையா என்று தெரிந்துவிடும்.

கேள்வி தயாரிக்கும்போது இந்த வித்தியாசம் கையில் தட்டுப்படும். பிள்ளைகளை வரிசைப்படுத்த வேண்டிய தேர்வில், எல்லோரும் சரியாக எழுதும் கேள்வி பயனற்றது. அது யாரையும் பிரித்துக் காட்டாது, அதனால் எடுத்துவிடுவார்கள். பாடம் புரிந்ததா என்று பார்க்கும் தேர்வில் அதே கேள்வியை எடுக்கக் கூடாது. எல்லோரும் சரியாக எழுதினால் நீங்கள் நன்றாக நடத்தியிருக்கிறீர்கள். ‘எல்லோரும் ஃபுல் மார்க், கேள்வித்தாள் ரொம்ப ஈஸி’ என்று யாராவது சொன்னால் உடனே கஷ்டமான கேள்விகளைச் சேர்க்க வேண்டாம். அந்தக் கேள்விகள் பாடத்தின் நோக்கத்தைத் தொடுகின்றனவா என்று மட்டும் பாருங்கள். தொட்டால் சரி, அடுத்த பாடத்துக்குப் போகலாம்.

அளவுகோலை எழுதுவதில்தான் உண்மையான உழைப்பு. ‘பின்னம் புரிந்துகொள்வாள்’ என்று எழுதினால் அதை எப்படிச் சோதிப்பது? ‘பகுதி வேறாக உள்ள இரண்டு பின்னங்களைக் கூட்டும் ஐந்து கணக்குகளில் நான்கையாவது உதவியின்றிச் சரியாகச் செய்வாள்’ என்று எழுதினால், நாளை லீவில் உங்களுக்குப் பதில் வரும் டீச்சரும் அதே முடிவுக்கு வருவார். ஏன் நான்கு, ஏன் மூன்று இல்லை என்று கேட்கலாம். அதை முடிவு செய்வது நீங்கள்தான். அந்த வயதுப் பிள்ளைகள் வழக்கமாக எவ்வளவு செய்கிறார்கள் என்ற அனுபவமும் அதில் கலந்திருக்கும். அளவுகோல் வானத்திலிருந்து விழுவதில்லை. அதனால் ஒரு டேர்ம் கழித்து அது சரியாக இருக்கிறதா என்று திரும்பப் பாருங்கள்.

நம் பகுதியில் இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வீட்டில் தமிழும் கடைத்தெருவில் மலையாளமும் பேசும் பிள்ளைகள் நிறைய. கணக்கு தெரிந்தும் கேள்வியின் தமிழ் வாக்கியம் புரியாமல் விட்டிருக்கலாம். சந்தேகம் வந்தால் அதே கணக்கை வாய்மொழியாக ஒருமுறை கேளுங்கள். செய்துவிட்டால் கணக்கில் ‘முடியும்’ என்றே குறியுங்கள், வாசிப்பைத் தனியாகக் கவனியுங்கள்.

கிறிஸ்துமஸ் பரீட்சைக்கு ஒரு தாளில் இடது பக்கம் பெயர்கள், மேலே நான்கைந்து அளவுகோல்கள் என்று கட்டம் போட்டு, அளவை எட்டியவர்களுக்கு மட்டும் ‘முடியும்’ என்று குறியுங்கள். மார்க் பதிவேடு ஆபீஸுக்குப் போகட்டும். இந்தத் தாள் உங்கள் மேஜையில் இருக்கட்டும், பெற்றோர் வரும்போது இதைத் திறந்து பேசுங்கள். ஓர் அளவுகோலின் கீழே பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளின் கட்டம் காலியாக இருந்தால் அந்தப் பகுதியை வகுப்புக்கே திரும்ப நடத்துங்கள். இரண்டு மூன்று பேர் மட்டும் என்றால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர்களோடு பத்து நிமிடம் உட்காருங்கள்.