குவாலிட்டி மேனேஜர் விண்ணப்பம்: நீங்கள் சொன்ன சீனியர் கியூசி வேலை பற்றி

வித்யா மேடம், வணக்கம்.

நான் விண்ணப்பித்த குவாலிட்டி மேனேஜர் வேலைக்குப் பதிலாக அதே கம்பெனியில் சீனியர் கியூசி வேலைக்குப் போகிறீர்களா என்று செவ்வாய்க்கிழமை போன் செய்து கேட்டதற்கு நன்றி. அப்போது நான் லைனில் நின்றுகொண்டிருந்தேன், மெஷின் சத்தத்தில் பாதி காதில் விழவில்லை. அதனால்தான் "யோசித்துச் சொல்கிறேன்" என்று வைத்துவிட்டேன். யோசித்தாயிற்று, வீட்டிலும் பேசியாயிற்று.

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். சீனியர் கியூசி வேலைக்கு என் பெயரை அனுப்ப வேண்டாம். மாதம் 38,000 என்றீர்கள், இப்போதே நான் 44,000 வாங்குகிறேன். ஆனால் சம்பளத்தைக் கூட்டிக் கொடுத்தாலும் என் பதில் இதேதான். டேபிளில் உட்கார்ந்து பீஸ் பார்க்கும் வேலையை 2013-இல் தொடங்கி ஐந்து வருஷம் செய்திருக்கிறேன். அதற்கே திரும்பிப் போக மனசில்லை. நான் விண்ணப்பித்த குவாலிட்டி மேனேஜர் வேலைக்கு என்னை ஒரு தடவை நேரில் பார்க்கச் சொல்லுங்கள் என்று கேட்கத்தான் இந்த மெயில்.

"மேனேஜர் என்ற பெயரில் அனுபவம் இல்லையே" என்று கம்பெனியில் சொன்னதாகச் சொன்னீர்கள். பெயரில் இல்லை, சரிதான். என் ஐடி கார்டில் குவாலிட்டி இன்சார்ஜ் என்றுதான் இருக்கிறது. எங்கள் பனியன் கம்பெனியில் குவாலிட்டி மேனேஜர் என்று ஒரு பதவியே கிடையாது. ஃபேக்டரி மேனேஜருக்குக் கீழே நேராக நான். எனக்குக் கீழே 14 செக்கர்கள், நான்கு லைன். துணி வந்து இறங்கியதும் ரோலைப் பிரித்து நான்கு பாயின்ட் முறையில் பார்ப்பது, ஜிஎஸ்எம் வெட்டி எடை போடுவது, லைட் பாக்ஸில் ஷேடு ஒப்பிடுவது, துவைத்துப் பார்த்துத் துணி முறுக்குகிறதா என்று அளப்பது, கடைசியில் பையர் இன்ஸ்பெக்டர் முன்னால் பெட்டியைத் திறந்து வைத்து நிற்பது வரை என் பொறுப்புதான். துணி சரியில்லை என்றால் கட்டிங்கை நிறுத்துகிற அதிகாரமும் என்னிடம் இருக்கிறது. இரண்டு தடவை நிறுத்தியும் இருக்கிறேன். ரெஸ்யூமில் இதையெல்லாம் ஒரே வரியில் அடக்கிவிட்டேன், அது என் தவறு.

ஒரு சம்பவம் சொல்கிறேன். போன வருஷம் குழந்தைகள் ரவுண்ட் நெக், 8,000 பீஸ் ஆர்டர். ஃபைனலில் இன்ஸ்பெக்டர் 200 பீஸ் எடுத்தார். ஏ.க்யூ.எல். 2.5 கணக்கில் 10 மேஜர் வரை பாஸ். வந்தது 11. ஒரே ஒரு பீஸில் ஃபெயில். ஷிப்மென்ட்டுக்கு மூன்று நாள்தான் இருந்தது. மொத்த பீஸையும் அக்குவேறு ஆணிவேறாக ரீசெக் செய்யலாம் என்றார்கள். அப்படிச் செய்தால் நான்கு நாள் ஆகும்.

நான் அந்த 11 பீஸையும் டேபிளில் வரிசையாகப் போட்டுப் பார்த்தேன். அதில் ஒன்பதில் ஊசி ஓட்டை, ஒன்பதுமே இடது கை மூட்டுத் தையல் ஓரம். வலது பக்கம் ஒன்றுகூட இல்லை. எங்களிடம் இடது கையும் வலது கையும் வேறு வேறு ஓவர்லாக்கில் ஓடும். மூன்றாவது லைனில் இடது கை வைக்கும் மெஷினைப் போய்ப் பார்த்தால், பால் பாயின்ட் ஊசி தீர்ந்துபோய், இருந்த கூர் ஊசியை மாட்டி ஓட்டியிருக்கிறார்கள். பின்னல் துணியில் அது நூலையே அறுத்துவிடும். தைக்கும்போது தெரியாது, இழுத்தாலோ துவைத்தாலோ ஓட்டை விரியும். அப்புறம் என்ன, ஒவ்வொரு பீஸிலும் இடது கை மூட்டை மட்டும் இழுத்துப் பார்க்கச் சொன்னேன். ஒன்றரை நாளில் முடிந்தது. மறு இன்ஸ்பெக்ஷனில் வந்த மேஜர் 3. ஊசி மாற்றினால் பழைய ஊசியைக் கொடுத்துப் புது ஊசி வாங்கி, நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்ற விதி எங்களிடம் முன்பே இருந்தது. ஆனால் என்ன வகை ஊசி என்று எழுத அதில் இடமில்லை. இப்போது இருக்கிறது. பையருக்குப் போன கரெக்டிவ் ஆக்ஷன் ரிப்போர்ட்டும் நான் எழுதியதுதான், கேட்டால் பையர் பெயரை மறைத்து அனுப்புகிறேன்.

என்னிடம் இல்லாததையும் சொல்லிவிட வேண்டும். நீங்கள் அனுப்பிய விவரத்தில் மூன்று யூனிட் என்று இருந்தது. ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேல் நான் பார்த்ததில்லை. டையிங் பக்கம் ஷேடு அப்ரூவல் தெரியும், உள்ளே நடக்கும் ப்ராசஸ் அவ்வளவு தெரியாது. இங்கிலீஷில் ரிப்போர்ட் எழுதுவேன், ஆடிட்டில் பேசும்போது கொஞ்சம் திக்கும். கம்பெனி தயங்குவது இதற்காக என்றால் எனக்குப் புரிகிறது.

அப்படியானால் நடுவில் ஒரு வழி இருக்கிறது. அசிஸ்டென்ட் குவாலிட்டி மேனேஜர் என்று எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தால் நான் பேச வருகிறேன். மாதம் 52,000-க்குக் குறையக் கூடாது. ஒரு யூனிட் முழுசாக என் பொறுப்பில் இருக்க வேண்டும், ப்ரொடக்ஷன் ஆட்களுக்குக் கீழே குவாலிட்டியை வைக்கக் கூடாது. ஆறு மாதத்தில் மேனேஜர் பதவிக்கு ரிவ்யூ, எதை எதை வைத்து ரிவ்யூ என்பதோடு அப்பாயின்ட்மென்ட் ஆர்டரிலேயே எழுதித் தர வேண்டும். "வந்து சேருங்க, அப்புறம் பார்த்துக்கலாம்" என்பதை ஒரு கம்பெனியில் நம்பி இரண்டு வருஷம் காத்திருந்தவள் நான். அதனால்தான் எழுத்தில் கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இன்னொன்று. "சீனியர் கியூசி என்றால் ஆறு மணிக்குக் கிளம்பிவிடலாம், குழந்தை இருக்கிறவர்களுக்கு வசதி" என்று சொன்னீர்கள். அக்கறையில்தான் சொன்னீர்கள் என்று தெரியும். ஆனால் இது கம்பெனி சொன்ன காரணமா, நீங்களாகச் சொன்னதா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன். ஷிப்மென்ட் இருக்கும் நாளில் இப்போதும் ராத்திரி பத்து மணி வரை நிற்கிறேன். பையனை என் மாமியார் பார்த்துக்கொள்கிறார். என் ப்ரொஃபைலில் இது பற்றி ஏதாவது குறித்திருந்தால் எடுத்துவிடுங்கள்.

நீங்கள் கேட்டுச் சொல்ல வேண்டியது இரண்டு. மேனேஜர் வேலைக்கு வேறு ஆள் முடிவாகிவிட்டதா, இன்னும் காலியாகத்தான் இருக்கிறதா? என் ரெஸ்யூமை அங்கே பார்த்தது ஹெச்ஆரா, ஃபேக்டரி ஜிஎம்மா? ஜிஎம் இன்னும் பார்க்கவில்லை என்றால், இந்த மெயிலில் உள்ள ஊசிக் கதையை மட்டுமாவது அவரிடம் காட்டுங்கள். ஆள் முடிவாகிவிட்டது என்றால் நேராகச் சொல்லிவிடுங்கள், நான் வருத்தப்பட மாட்டேன். இதே அளவு வேலை வேறு எங்காவது வந்தால் என்னைக் கூப்பிடுங்கள்.

நேரில் வருவதென்றால் எந்த ஞாயிறும் சரி. வார நாளில் என்றால் காலை எட்டு மணிக்கு முன்னால், அவினாசி ரோடு பக்கமாக இருந்தால் பார்த்துவிட்டு ஷிஃப்ட்டுக்கு வந்துவிடுவேன். நோட்டீஸ் 60 நாள், அதைக் குறைத்துக் கேட்க எனக்கு இஷ்டமில்லை. பதில் வரும் வரை என் இப்போதைய கம்பெனியில் யாரிடமும் விசாரிக்க வேண்டாம். போன் செய்வதென்றால் மதியம் ஒன்றிலிருந்து ஒன்றரைக்குள் செய்யுங்கள், அப்போதுதான் மெஷின் நிற்கும்.

அன்புடன்,
கவிதா