இலைக்கு என்ன ரேட் என்று கேட்டவருக்கு

வணக்கம். தை மாதக் கல்யாணச் சமையலுக்கு "இலைக்கு என்ன ரேட், மெனு அனுப்பவும்" என்று கேட்டிருந்தீர்கள். வீட்டில் விசேஷம் என்பதில் ரொம்ப சந்தோஷம்.

ரேட் சொல்வதற்கு முன்னால் சில விவரங்கள் வேண்டும். 200 இலை போட்டாலும் 700 இலை போட்டாலும் தலைமைச் சமையல்காரர் சம்பளமும் பாத்திர வண்டி வாடகையும் பெரிதாக மாறாது. கூட்டம் குறைந்தால் இலைக்கு விழும் தொகை ஏறும். அதனால் இப்போது வாய்க்கு வந்த ஒரு தொகையைச் சொன்னால், பிறகு அதில் என்னால் நிற்க முடியாது.

முதலில் தேதியும் மண்டபமும் சொல்லுங்கள். எங்களிடம் இரண்டு செட் ஆட்கள்தான். தை முகூர்த்தங்கள் சீக்கிரமே நிரம்பிவிடும். அந்தத் தேதி காலியாக இல்லையென்றால் மற்றதைப் பேசிப் பயனில்லை. மண்டபத்தில் வெளிச் சமையலை அனுமதிக்கிறார்களா என்றும் கேட்டுவிடுங்கள். சில இடங்களில் அவர்கள் வைத்திருக்கும் ஆள்தான் சமைக்க வேண்டும், சில இடங்களில் வெளி ஆள் வந்தால் தனியாகப் பணம் கேட்பார்கள். அட்வான்ஸ் கொடுத்த பிறகு இது தெரியவந்தால் இரண்டு பேருக்கும் சங்கடம். கேஸும் பாத்திரமும் வாடகையிலேயே சேர்த்தியா என்பதும் தெரிந்தால் நல்லது.

அப்புறம், எத்தனை வேளை? முதல் நாள் ரிசப்ஷன், காலை டிபன், முகூர்த்தச் சாப்பாடு மூன்றுமா, சாப்பாடு மட்டுமா? கட்டுசாதம் உண்டா? ஒவ்வொரு வேளைக்கும் ஆள் கணக்கைத் தனித்தனியாகச் சொல்லுங்கள். பத்திரிகை எத்தனை அடிக்கிறீர்கள் என்பது எனக்கு உதவாது, எத்தனை பேர் பந்தியில் உட்காருவார்கள் என்பதுதான் வேண்டும். ரிசப்ஷனுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் காலையில் வரமாட்டார்கள், உங்களுக்கே தெரியும்.

மளிகை, காய்கறி நீங்களே வாங்கித் தந்து எங்களுக்குச் சமையல் கூலி மட்டுமா, இல்லை இலை முதல் பரிமாறும் ஆள் வரை முழு கான்ட்ராக்டா? இரண்டும் செய்கிறோம், கணக்குதான் வேறு. வெங்காயம் பூண்டு சேர்க்கலாமா என்பதையும் சொல்லிவிடுங்கள். நாங்கள் சைவம் மட்டும்தான். முகூர்த்த நாளில் 150 இலைக்குக் குறைந்து எடுப்பதில்லை.

மனதில் ஒரு பட்ஜெட் இருந்தால் கூச்சப்படாமல் சொல்லுங்கள். அதற்குள் எத்தனை இனிப்பு, எத்தனை பொரியல் வைக்கலாம் என்று நான் பார்த்துச் சொல்வேன். வேறு இடங்களிலும் விசாரிப்பீர்கள், தவறில்லை. ஆனால் எல்லோரிடமும் ஒரே மெனுவைக் கொடுத்துக் கேளுங்கள். பாயசம் இல்லாத ரேட்டும் இரண்டு பாயச ரேட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியாது.

டைப் செய்ய நேரமில்லையென்றால் வாய்ஸ் மெசேஜ் போதும். வீட்டில் மெனுவை முடிவு செய்கிற பெரியவர் யாரோ, அவரையும் பேசச் சொல்லுங்கள். விவரம் வந்த மறுநாள் மெனுவோடு ரேட் அனுப்புகிறேன், ஜிஎஸ்டியைத் தனியாகக் காட்டி. மதியம் இரண்டு வரை பந்தி வேலை இருக்கும், அதற்கு மேல் கூப்பிடுங்கள்.