ரோட்டரி வெற்றிடப் பம்பும் வெற்றிட கேஜ்களும்: தமிழ்ப் பயன்பாட்டுக் கையேடு

50 லிட்டர் கலன், மணிக்கு 18 கன மீட்டர் உறிஞ்சும் இரண்டு கட்ட ரோட்டரி வேன் பம்ப், ஒரு போர்டன் கேஜ், ஒரு பிரானி கேஜ்: இந்த அமைப்பை இயக்குபவர்களுக்கான கையேடு இது. கணக்குகள் எல்லாம் இதே கலனுக்குப் போட்டவை.

சொற்கள்

வெற்றிடத்தைப் பற்றிப் பேசும்போது "கூடியது", "குறைந்தது" என்ற சொற்கள் குழப்பும். வெற்றிடம் கூடினால் அழுத்தம் குறைகிறது. அதனால் இந்தக் கையேட்டில் வெற்றிடம் கூடியது என்று எங்கும் எழுதவில்லை. அழுத்தம் ஏறியது, இறங்கியது என்று மட்டுமே எழுதியிருக்கிறோம். பணிப் பதிவேட்டிலும் அப்படியே எழுதுங்கள்.

அழுத்தம் எல்லாம் மில்லிபாரில், முழு வெற்றிடத்தைச் சுழியாகக் கொண்டு தரப்பட்டுள்ளது. 1 மில்லிபார் என்பது 100 பாஸ்கல். 1 டார் என்பது 1.333 மில்லிபார். கடல்மட்டத்தில் வளிமண்டல அழுத்தம் 1013 மில்லிபார். சாதாரண போர்டன் கேஜ் வெளிக்காற்றைச் சுழியாக வைத்துக் கழித்தல் குறியில் காட்டும். அந்த எண்ணை அப்படியே பதிவேட்டில் ஏற்ற வேண்டாம்.

*இறுதி அழுத்தம்:* பம்பின் வாயை அடைத்துவிட்டு நீண்ட நேரம் ஓட்டினால் அழுத்தம் எங்கே போய் நிற்கிறதோ அது. உள்ளே இழுக்கும் அளவும், பம்புக்குள்ளேயே பின்னால் கசிந்து வருவதும் எண்ணெய் ஆவியும் சமமாகும் இடம் அது. அங்கே பம்பின் நிகர உறிஞ்சல் சுழி. பம்புக்குள் சிறிது காற்றை விடும் வால்வான கேஸ் பேலஸ்ட் மூடியிருக்கும்போது இந்தப் பம்பின் இறுதி அழுத்தம் 2×10⁻³ மில்லிபார். திறந்திருந்தால் அது 10⁻² அளவுக்கு ஏறும்.

*உறிஞ்சு வேகம்:* ஒரு நொடியில் பம்பின் வாய்க்குள் போகும் வாயுவின் பருமன். மோட்டார் சுழலும் வேகத்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். மணிக்கு 18 கன மீட்டர் என்றால் நொடிக்கு 5 லிட்டர். இறுதி அழுத்தத்தை நெருங்கும் வரை அழுத்தம் எவ்வளவானாலும் ஏறக்குறைய 5 லிட்டர்தான், ஆனால் அந்த 5 லிட்டருக்குள் இருக்கும் வாயுவின் அளவு அழுத்தத்தோடு இறங்கும். அதைச் சொல்வது *வாயு ஓட்டம்* Q, அலகு மில்லிபார்·லிட்டர்/நொடி. p அழுத்தம், S உறிஞ்சு வேகம்:

```
Q = p × S
```

பெயர்ப்பலகையில் பொறித்திருக்கும் இரண்டு எண்களும் பம்பின் வாயில் அளந்தவை. கலனுக்குள் கிடைப்பது எப்போதும் அதைவிட மோசமாகத்தான் இருக்கும். எவ்வளவு மோசம் என்பதைக் குழாயும் கசிவும் தீர்மானிக்கின்றன.

குழாய் தின்னும் வேகம்

```
1/Seff = 1/S + 1/C
C = 12.1 × d³ / L
```

Seff என்பது குழாயைத் தாண்டிக் கலனில் கிடைக்கும் வேகம். C என்பது குழாயின் கடத்துதிறன், நொடிக்கு லிட்டரில். d உள்விட்டம், L நீளம், இரண்டும் சென்டிமீட்டரில். 20 டிகிரி காற்றுக்கு, அழுத்தம் 10⁻³ மில்லிபார் அளவில் இருக்கும்போது, விட்டத்தைவிடப் பல மடங்கு நீண்ட குழாய்க்கு இது பொருந்தும். அந்த அழுத்தத்தில் மூலக்கூறு ஒன்று இன்னொன்றோடு மோதாமல் 6 சென்டிமீட்டருக்கு மேல் போகும். குழாய்ச் சுவரில்தான் முட்டி முட்டி வெளியேறுகிறது.

1 சென்டிமீட்டர் விட்டம், 1 மீட்டர் நீளம் உள்ள ரப்பர் குழாயைப் போட்டால் C வெறும் 0.12. பம்ப் 5 லிட்டர் இழுக்கும் திறனுடையது, கலனில் கிடைப்பதோ 0.12 லிட்டர். அதே நீளத்தில் 2.5 சென்டிமீட்டர் குழாய் என்றால் C 1.9, கலனில் 1.4 லிட்டர் கிடைக்கும், ஏறக்குறைய பன்னிரண்டு மடங்கு. ஒல்லிக் குழாயை வைத்துக்கொண்டு பெரிய பம்ப் வாங்குவது வீண் செலவு. முதலில் குழாயைத் தடிப்பாக்குங்கள், பிறகு நீளத்தைக் குறையுங்கள். விட்டம் மும்மடியாக வேலை செய்கிறது, நீளம் ஒருமடியாகத்தான்.

அழுத்தம் கூடுதலாக இருக்கும்போது இதே ஒல்லிக் குழாய் நன்றாகவே கடத்தும். "தொடக்கத்தில் சட்டென்று இறங்கியது, பிறகு நின்றுவிட்டது" என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இறக்கும் நேரம்

```
t = (V / Seff) × ln(p0 / p1)
```

V கலனின் பருமன், p0 தொடக்க அழுத்தம், p1 போய்ச் சேர வேண்டிய அழுத்தம். 50 லிட்டர், தடித்த குட்டைக் குழாய், 1000 மில்லிபாரிலிருந்து 1 மில்லிபார் வரை: 10 × 6.9 = 69 நொடி. இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆனால் வால்வு முழுதாகத் திறக்கவில்லை அல்லது பெரிய கசிவு இருக்கிறது. 0.1 மில்லிபாருக்குக் கீழே இந்தச் சூத்திரத்தை நம்ப வேண்டாம். அங்கிருந்து நேரத்தைத் தீர்மானிப்பது சுவரில் ஒட்டியிருக்கும் ஈரம்.

கசிவா, ஈரமா?

பம்ப் வால்வை மூடுங்கள். பிரானி கேஜைப் பார்த்தபடி பத்து நொடிக்கு ஒருமுறை எழுதுங்கள். 1×10⁻² மில்லிபாரிலிருந்து ஒரு நிமிடத்தில் 7×10⁻² ஆனால் ஏற்றம் நொடிக்கு 10⁻³ மில்லிபார். கலன் அளவால் பெருக்கினால் உள்ளே வரும் வாயு 5×10⁻² மில்லிபார்·லிட்டர்/நொடி. பம்ப் இதைத் தொடர்ந்து இழுத்தாக வேண்டும் என்பதால், குழாய் இழப்பைக் கணக்கில் எடுக்காமலே, கலன் நிற்கும் இடம்:

```
p = 2×10⁻³ + (5×10⁻² / 5) = 1.2×10⁻² mbar
```

பம்பின் இறுதி அழுத்தத்தைவிட ஆறு மடங்கு. பம்ப் கெட்டுவிட்டது என்று பிரித்துப் போடுவதற்கு முன் இந்தச் சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள். ஏற்றம் நேர்கோடாகப் போய்க்கொண்டே இருந்தால் கசிவு. வளைந்து தணிந்தால் ஈரம் அல்லது அழுக்கு. கசிவு பெரும்பாலும் ஓ-ரிங்கில் ஒட்டிய முடி, நூல், அல்லது அது உட்காரும் பள்ளத்தில் குறுக்கே விழுந்த கீறலாகத்தான் இருக்கும். பள்ளத்தின் போக்கிலேயே ஓடும் கீறல் அவ்வளவு கெடுக்காது.

கேஜ்கள்

போர்டன் கேஜ் எந்த வாயுவானாலும் சரியாகவே காட்டும், ஆனால் 10 மில்லிபாருக்குக் கீழே பயன்படாது. பென்னிங், சூடான கேத்தோடு கேஜ்கள் இந்த அமைப்பில் இல்லை. பின்னாளில் சூடான கேத்தோடு கேஜ் பொருத்தினால் 10⁻³ மில்லிபாருக்கு மேல் அதை இயக்க வேண்டாம், இழை எரிந்துவிடும்.

பிரானி கேஜ் சூடான கம்பியிலிருந்து வாயு எவ்வளவு வெப்பத்தை எடுத்துச் செல்கிறது என்பதை அளக்கிறது. அழுத்தம் அதிலிருந்து ஊகிக்கப்படுவது. அளவீடு காற்றுக்கும் நைட்ரஜனுக்கும் செய்யப்பட்டது. ஆர்கன் வெப்பத்தைக் குறைவாகவே கடத்தும், அதனால் கேஜ் குறைத்துக் காட்டும். 1 மில்லிபாருக்குக் கீழே, காட்டும் எண்ணைச் சுமார் 1.7 ஆல் பெருக்கினால் உண்மை ஆர்கன் அழுத்தம் கிடைக்கும்.

எச்சரிக்கை: கலனை ஆர்கனால் நிரப்பும்போது பிரானியைப் பார்த்து நிறுத்தாதீர்கள். உள்ளே வளிமண்டல அழுத்தத்தைத் தாண்டிய பிறகும் சில பத்து மில்லிபார் என்றே காட்டக்கூடும். கண்ணாடிச் சாளரம் வெடித்து வெளியே பறக்கும். நிரப்பும்போது போர்டன் கேஜைப் பாருங்கள். அழுத்தம் மீறினால் தானே திறக்கும் வால்வும் கலனில் இருக்க வேண்டும்.

கேஜில் எண்ணெய் படிந்தால் சுழியும் உணர்திறனும் நகர்ந்துவிடும். கேஜின் வாய் கீழ்நோக்கி இருக்குமாறு பொருத்துங்கள், பம்பின் வாய்க்கருகே பொருத்தாதீர்கள்.

பம்பை ஓட்டுவதும் நிறுத்துவதும்

எண்ணெய் மட்டத்தைக் கண்ணாடியில் பார்த்து, வால்வை மூடி, கேஸ் பேலஸ்டைத் திறந்து 20 முதல் 30 நிமிடம் ஓடவிட்டு எண்ணெயைச் சூடாக்குங்கள். ஈரமான பொருளைக் கலனில் வைத்திருந்தால் வேலை முடியும் வரை பேலஸ்ட் திறந்தே இருக்கட்டும். நீராவி பம்புக்குள் நசுக்கப்படும்போது தண்ணீராகி எண்ணெயில் கலக்கிறது. பேலஸ்ட் வழியாக வரும் காற்று அது தண்ணீராவதற்கு முன்பே வெளியே தள்ளிவிடுகிறது. எண்ணெய் பால் நிறமானால் வால்வை மூடி, பேலஸ்டைத் திறந்து ஓட்டிப் பாருங்கள். தெளியாவிட்டால், பம்ப் சூடாக இருக்கும்போதே எண்ணெயை வடித்து மாற்றுங்கள்.

நிறுத்தும் வரிசை மாறக்கூடாது: கலன் வால்வை மூடவும், பம்பை நிறுத்தவும், உடனே பம்பின் வாய்ப்பக்கம் காற்றை விடவும். காற்றை விடாமல் போனால் வெளிக்காற்று எண்ணெயைக் குழாய்க்குள் தள்ளும்.

கனிம எண்ணெய் ஊற்றிய பம்பில் தூய ஆக்சிஜனை இழுக்கவே கூடாது, எண்ணெய் வெடிக்கும். அதற்கு ஃபுளோரின் ஏற்றிய செயற்கை எண்ணெயும் அதற்கென்று தயாரித்த பம்பும் வேண்டும். புகைபோக்கியை அறைக்கு வெளியே கொண்டுபோங்கள். அந்தக் குழாயை மூடிவிட்டுப் பம்பை ஓட்டினால் எண்ணெய்ப் பெட்டியே பிளந்துவிடும்.