கேப்ஷன், டிசைன் ஒப்புதல்: ஜூலை 1 முதல் நம் ஏற்பாடு

அன்புள்ள அண்ணனுக்கு,

நம் புடவைக் கடையின் இன்ஸ்டாகிராம் போஸ்ட்டுகளுக்கு யார், எப்படி ஒப்புதல் சொல்வது என்று போன வாரம் கடையில் பேசியதை எழுத்தில் கேட்டீர்கள். எழுதியிருக்கிறேன். மதியம் கூட்டம் குறைந்த நேரத்தில் அண்ணியும் தம்பியும் கூட இருக்கும்போது படியுங்கள். மூன்று பேருக்கும் சேர்த்துத்தான் எழுதினேன்.

இதற்குக் காரணம் சித்திரைத் திருவிழா போஸ்ட். அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முந்தின நாள் காலையில் அது போயிருக்க வேண்டும். பச்சைப் பட்டு உடுத்தி வருவாரா என்று ஊரே பேசிக்கொண்டிருந்த நேரம், நம்மிடம் அந்தப் பச்சைச் சுங்குடி இருந்தது. நீங்கள் சரி என்றீர்கள். அப்புறம் தம்பி எழுத்தை மாற்றச் சொன்னார், அண்ணி படத்தை மாற்றச் சொன்னார், நடுவில் விலை மாறியது. ஒன்பதாவது தடவை அனுப்பியபோது அழகர் ஆற்றில் இறங்கி முடித்திருந்தார். அந்தப் புடவையை நான் ஆசையாகப் படம் எடுத்திருந்தேன். இன்னும் மனசு ஆறவில்லை. யார் மேலும் குறை சொல்லவில்லை. யார் சொல்வது கடைசி வார்த்தை என்று நாம் பேசி வைக்காததுதான் காரணம்.

முடிவு சொல்பவர் ஒருவர்

கடைசி வார்த்தை உங்களுடையது. வீட்டில் எல்லோரிடமும் காட்டி யோசனை கேளுங்கள், அதில் எனக்கும் லாபம்தான். அண்ணி வாடிக்கையாளரிடம் நேரில் பேசுகிறவர், எந்தக் கரை போகும், எது தங்கும் என்று என்னைவிட அவருக்குத் தெரியும். ஆனால் எல்லோருடைய கருத்தையும் கேட்டுச் சேர்த்து, ஒரே செய்தியாக நீங்கள் எனக்கு அனுப்புங்கள். தனித்தனியாக வருவதை நான் திருத்தத்தில் எடுக்க மாட்டேன். நீங்கள் சரக்கு எடுக்கச் சின்னாளப்பட்டி போகும் நாளில், "இன்றைக்கு அண்ணி பார்ப்பார்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அன்று அண்ணி சொல்வதே முடிவு. திரும்பி வந்து அதை மாற்றினால் அது புதுத் திருத்தம்.

முதலில் எழுத்து, பிறகு டிசைன்

இதைத்தான் நான் ரொம்ப முக்கியமாக நினைக்கிறேன். இதுவரை எழுத்தையும் படத்தையும் சேர்த்தே அனுப்பினேன், அது என் தவறு. ஒரு வரி நீண்டாலும் படத்தில் எழுத்தளவு, இடைவெளி, விலை நிற்கும் இடம் எல்லாம் குலைந்துவிடும். தமிழில் சொற்கள் நீளம், அதனால் இன்னும் சிரமம்.

இனி வாரம் இப்படி ஓடும். சனிக்கிழமை இரவுக்குள், அடுத்த வாரம் நான் தயார் செய்யும் மூன்று போஸ்ட்டுக்கான புடவைகளின் விவரம் உங்களிடமிருந்து வர வேண்டும்: துணி, விலை, எத்தனை இருக்கிறது, எந்த நிறங்கள், சலுகை இருந்தால் எந்தத் தேதிவரை. கையால் முடிச்சுப் போட்டதா, அச்சுச் சுங்குடியா என்பதையும் கட்டாயம் சொல்லுங்கள். அச்சுக்குக் 'கைமுடிச்சு' என்று நான் எழுதிவிட்டால் கேட்டு வருபவர் முன்னால் நீங்கள்தான் நிற்க வேண்டும். முடிச்சுப் போடுகிற பெண்களின் உழைப்புக்கும் அது நியாயம் இல்லை.

திங்கள் மதியம் 2 மணிக்கு மூன்று கேப்ஷனும், படத்தின் மேல் வரும் வரிகளும் வரும். செவ்வாய் மதியத்துக்குள் ஒரு தடவை திருத்தம் சொல்லலாம். திருத்தியதும் உங்கள் ஒப்புதலோடு எழுத்து பூட்டப்படும். புதன் மாலை டிசைன் வரும். வியாழன், வெள்ளி இரண்டு நாளில் டிசைனுக்கு இரண்டு தடவை திருத்தம். வெள்ளி மாலை 6 மணிக்கு முடித்து, அதற்கடுத்த வாரம் வெளியாகும்படி நேரம் குறித்து வைத்துவிடுவேன்.

ஒப்புதல் எப்படிச் சொல்வது

கட்டைவிரல் படம், "ம்", "பாப்போம்" இவை ஒப்புதல் ஆகாது. "சரி, போடலாம்" என்று கோப்பின் பெயரோடு தட்டச்சு செய்யுங்கள். பெயர் இந்த மாதிரி இருக்கும்: `AADI-03-V2.jpg`. ஆடிக்கான மூன்றாவது போஸ்ட், இரண்டாவது வடிவம் என்று அர்த்தம். பழைய வடிவத்தைப் பார்த்துச் சரி சொல்லும் குழப்பம் இதில் வராது. வாட்ஸ்அப்பில் படத்தை 'டாக்குமெண்ட்' ஆக அனுப்புவேன், சாதாரணமாக அனுப்பினால் தரம் குறைந்துபோகும். கடை வேலையில் தட்டச்சு முடியாவிட்டால் வாய்ஸ் நோட் போடுங்கள், நான் கேட்டு எழுதித் திருப்பி அனுப்புவேன், அதற்கு "சரி" என்றால் போதும்.

பதிலே வராவிட்டால்? விலையோ தள்ளுபடியோ உள்ள போஸ்ட் உங்கள் ஒப்புதல் இல்லாமல் ஒருபோதும் போகாது. அது அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போகும், ஆனால் இந்த மாதக் கணக்கில் சேரும். விலை இல்லாத வாழ்த்து, புடவை பராமரிப்புக் குறிப்பு போன்றவை வெள்ளி மாலை வரை பதில் இல்லையென்றால் அப்படியே வெளியாகிவிடும்.

வெளியிட்ட பிறகு இன்ஸ்டாகிராமில் கேப்ஷனைத் திருத்தலாம், படத்தை மாற்ற முடியாது. நீக்கிவிட்டுப் புதிதாகப் போட்டால் வந்த லைக்கும் கமெண்டும் போய்விடும். அதனால் படத்தின் மேல் உள்ள விலையையும் போன் நம்பரையும் ஒருமுறை விரல் வைத்துப் படித்துவிட்டே சரி சொல்லுங்கள்.

எது திருத்தம், எது புது வேலை

எழுத்துப்பிழை, நான் தவறாகப் போட்ட விலை, தவறான புடவைப் படம்: என் பிழை, எத்தனை தடவையானாலும் காசு இல்லை. நிறம் கொஞ்சம் அடர்த்தி, எழுத்து பெரிதாக, லோகோ இடம் மாற்றம்: இவை திருத்தம், இரண்டு தடவைக்குள் அடங்கும். பூட்டிய எழுத்தை மாற்றுவது, வேறு புடவை, வேறு பின்னணி, ஒப்புதலுக்குப் பின் விலை மாற்றம்: புது வேலை.

"ஏதோ குறையுது", "கெத்தா இல்லை" என்று வந்தால் எனக்கு எங்கே கை வைப்பது என்று தெரியாது. படத்தில் அந்த இடத்தை வட்டமிட்டு அனுப்புங்கள், அல்லது நம் பழைய போஸ்ட் எது பிடித்தது என்று காட்டுங்கள். புடவை நிறம் பற்றி மட்டும் தனியாக ஒன்று. ஒரே படம் உங்கள் போனில் ஒரு மாதிரி, தம்பி போனில் ஒரு மாதிரி தெரியும். புடவையை வாசல் வெளிச்சத்தில் பிடித்து, உங்கள் போனில் உள்ள படத்தோடு ஒப்பிட்டுச் சொல்லுங்கள். அந்த ஒரு போனே கணக்கு.

பணம்

மாதம் 12 போஸ்ட், 12,000 ரூபாய், இதில் மாற்றம் இல்லை. மூன்றாவது திருத்தத்திலிருந்து ஒவ்வொன்றுக்கும் 150 ரூபாய். புது வேலை 600 ரூபாய். தொடங்குவதற்கு முன் "இது கூடுதலில் வரும், செய்யட்டுமா?" என்று கேட்பேன், உங்கள் பதில் வராமல் கை வைக்க மாட்டேன். சொன்ன நாளில் நான் டிசைன் தராவிட்டால் அந்தப் போஸ்டுக்கு 1,000 ரூபாயைக் கழித்துக்கொள்ளுங்கள், போஸ்டையும் போட்டுத் தருவேன். இறப்பு, உடல்நலக் குறைவு போன்றவற்றுக்கு இருபக்கமும் இந்தக் கணக்கு கிடையாது.

அவசரமும் வரும், தெரியும். சரக்கு திடீரென்று வந்து இறங்கினால் மாதம் இரண்டு தடவை அன்றைக்கே செய்து தருகிறேன், கூடுதல் இல்லை. அதில் திருத்தம் ஒரு தடவை மட்டும்.

ஜூலை 1 முதல் செப்டம்பர் 30 வரை இப்படி ஓட்டிப் பார்ப்போம். ஜூலை 17 ஆடி பிறக்கிறது, அந்த வாரத்துக்கான விவரம் ஜூலை 4 சனிக்கிழமையே கையில் இருந்தால் ஆடித் தள்ளுபடி போஸ்ட்டை நிதானமாகச் செய்யலாம். அண்ணியிடம் கேட்டு, மாற்ற வேண்டிய வரி இருந்தால் இந்தச் செய்தியிலேயே குறித்து அனுப்புங்கள். ஒத்துக்கொண்டால் "சம்மதம்" என்று எழுதுங்கள். நான் அச்செடுத்து ஒரு நகலை வியாழக்கிழமை கடைக்குக் கொண்டு வருகிறேன், இருவரும் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
உங்கள் தங்கை