பாம்புக்கடி முதலுதவிக் கையேடு (14,200 சொற்கள்): மொழிபெயர்ப்பு நேரம், ஒப்படைக்கும் தேதி, கட்டணம்

2 பிப்ரவரி 2026, திங்கள்

அன்புள்ள மாலதி மேடம், வணக்கம்.

கிராம சுகாதார செவிலியர்களுக்கான பாம்புக்கடிக் கையேட்டின் ஆங்கிலக் கோப்பு வெள்ளிக்கிழமை கிடைத்தது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் முழுவதையும் படித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். முதலில் நீங்கள் கேட்ட பதில்: என் பக்கம் மொத்தம் 82 மணி நேர வேலை. முழுத் தமிழ்ப் பிரதி பிப்ரவரி 27, வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்குள் உங்கள் கையில் இருக்கும். கட்டணம் 36,575 ரூபாய்.

நீங்கள் கேட்டிருந்தது பிப்ரவரி 20. ஒரு வாரம் தள்ளிச் சொல்வதற்கான காரணத்தைக் கணக்கோடு வைக்கிறேன்.

கோப்பில் மொத்தம் 14,200 ஆங்கிலச் சொற்கள். அவை எல்லாம் ஒரே மாதிரியானவை அல்ல. 1, 2, 3 அத்தியாயங்கள் (பாம்புகளை அடையாளம் காண்பது, கடிபடாமல் இருப்பது, முதலுதவி) சேர்ந்து 4,900. நான்காவதும் ஆறாவதும் 2,600. இந்த 7,500 சொற்களையும் மணிக்கு 300 வீதம் செய்ய முடியும், 25 மணி நேரம். ஐந்தாம் அத்தியாயம் மட்டும் 3,800 சொற்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் செய்ய வேண்டிய சிகிச்சை அதில் இருக்கிறது. அங்கே மணிக்கு 200 சொல்லுக்கு மேல் போக மாட்டேன், 19 மணி நேரம். அட்டவணைகள், படக்குறிப்புகள் 1,000 சொற்கள், 5 மணி நேரம். திரும்பத் திரும்ப வரும் எச்சரிக்கை வாக்கியங்கள் 1,900 சொற்கள். ஒருமுறை மொழிபெயர்த்துவிட்டால் மற்ற இடங்களில் பொருந்துகிறதா என்று பார்த்தால் போதும் என்பதால் அதற்கு 2 மணி நேரம். ஆக மொழிபெயர்ப்பு 51 மணி நேரம்.

அதற்கு முன்னால் கலைச்சொல் பட்டியலுக்கு 6 மணி நேரம். பிறகு மூலத்தோடு வரிக்கு வரி ஒப்பிட்டு நானே திருத்த 12. இரண்டாவது வாசகரின் திருத்தங்களைப் பார்த்துச் சேர்க்க 4. உங்கள் மருத்துவரின் குறிப்புகளைச் சேர்க்க 5. அச்சுக்கு முன் பக்கங்களைச் சரிபார்க்க 4. இவைதான் 82.

ஒரு நாளைக்கு 5 மணி நேரம், வாரத்துக்கு 6 நாள் என்று வைத்திருக்கிறேன். அதற்கு மேல் உட்கார்ந்தால் எண்களில் கண் தவறும். இந்தக் கையேட்டில் எண்கள்தான் உயிர். கையில் இருக்கும் வேலை 4ஆம் தேதி முடிகிறது. 5ஆம் தேதி வியாழன் தொடங்கினால் 20ஆம் தேதி வெள்ளியன்று என் மொழிபெயர்ப்பும் முதல் திருத்தமும் முடியும். அதாவது நீங்கள் கேட்ட நாளில் ஒரு பிரதி இருக்கும், ஆனால் வேறு யாரும் படித்துப் பார்க்காத பிரதி. அதை அச்சுக்குத் தர எனக்கு மனம் வரவில்லை. 21ஆம் தேதி சனிக்கிழமையை மின்வெட்டு, காய்ச்சல் போன்றவற்றுக்காக ஒதுக்கியிருக்கிறேன். 23 முதல் 25 வரை இரண்டாவது வாசகர் படிப்பார். அவர் மருத்துவ மொழிபெயர்ப்பில் பழகியவர், என் கூடவே பல வேலைகள் செய்தவர். 26 அன்று அவர் குறிப்புகளைச் சேர்த்து, 27 அன்று தருகிறேன்.

ஐந்தாம் அத்தியாயத்துக்கு ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்பீர்கள். ஓர் உதாரணம் சொல்கிறேன். ரத்தம் உறைகிறதா என்று பார்க்கும் 20 நிமிடச் சோதனை அதில் வருகிறது. ரத்தத்தைச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, பிறகு சாய்த்துப் பார்க்க வேண்டும். ஆங்கிலத்தில் கண்ணாடி என்பது ஒற்றைச் சொல்லாகக் கடந்து போகிறது. தமிழில் வெறுமனே "சோதனைக்குழாய்" என்று எழுதிவிட்டால், கைக்கு எட்டும் பிளாஸ்டிக் குழாயைச் செவிலியர் எடுக்கக்கூடும், முடிவு தப்பாகிவிடும். அதேபோல் விஷமுறிவு மருந்தின் அளவு குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒன்றுதான். உள்ளே போன விஷத்துக்குத்தானே மருந்து, உடல் எடைக்கு இல்லையே. ஆனால் குழந்தைக்கு அளவைக் குறைப்பது எல்லோர் கைக்கும் பழகிய வழக்கம். "அளவு மாறாது" என்று மட்டும் எழுதினால் போதாது. "குழந்தை என்பதற்காக அளவைக் குறைக்க வேண்டாம்" என்று அழுத்தமாக இருக்க வேண்டும். இப்படி ஒவ்வொரு வாக்கியத்தையும் படிப்பவர் கையில் என்ன நடக்கும் என்று யோசித்தே எழுத வேண்டியிருக்கிறது.

இதைவிடச் சிக்கல் மூன்றாம் அத்தியாயத்தில் இருக்கிறது. கடிபட்ட கையிலோ காலிலோ இறுக்கிக் கட்டக் கூடாது என்று ஒரு பக்கத்தில் இருக்கிறது. அடுத்த பக்கத்தில், எலும்பு முறிவுக்கு வைப்பதுபோல் சட்டம் வைத்து அசையாமல் கட்ட வேண்டும் என்று இருக்கிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் வேறு வேறு சொற்கள். தமிழில் இரண்டுமே "கட்டு". "கட்டுப் போடாதீர்கள்", "கட்டுப் போடுங்கள்" என்று எதிரெதிராக அச்சாகிவிட்டால் யாருக்கும் பயனில்லை. முதலாவதை "ரத்த ஓட்டத்தை நிறுத்தும்படி கயிறோ துணியோ கொண்டு இறுக்குவது" என்றும், இரண்டாவதை "சட்டம் வைத்து அசையாமல் தாங்குவது" என்றும் நூல் முழுக்கப் பிரித்தே எழுத நினைக்கிறேன். இரண்டாவதில் "கட்டு" என்ற சொல்லே வராது. எங்கள் கிராமத்தில் இன்றைக்கும் பாம்பு கடித்தால் முதலில் தேடுவது கயிற்றைத்தான். அதனால் இந்த ஒரு பக்கத்துக்காக எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் செலவழிப்பேன்.

பாம்புப் பெயர்களில் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கையும் அப்படியே வைக்கலாம். படத்தின் கீழ் அந்தந்த வட்டாரப் பெயரையும் சேர்த்தால் நல்லது. பயிற்சி நடக்கும் மாவட்டங்களில் மக்கள் என்ன சொல்கிறார்கள் என்று உங்கள் களப்பணியாளர்களைக் கேட்டு அனுப்ப முடியுமா? விஷமுறிவு மருந்தை செவிலியர்கள் பேச்சில் ஏஎஸ்வி என்றே சொல்வதால் முதலில் வரும் இடத்தில் இரண்டையும் தந்துவிட்டு, பிறகு ஏஎஸ்வி என்றே போகலாம் என்பது என் யோசனை. பாம்பு கடித்தும் விஷம் உடலுக்குள் போகாத கடிக்கு இன்னும் ஒரு நல்ல சொல் கிடைக்கவில்லை. இப்போதைக்கு "விஷம் ஏறாத கடி" என்று பட்டியலில் வைக்கிறேன்.

சுமார் 140 சொற்கள் கொண்ட பட்டியலை 7ஆம் தேதி சனிக்கிழமை அனுப்புகிறேன். உங்கள் மருத்துவர் 11ஆம் தேதி புதன்கிழமைக்குள் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். அதற்குள் நான் முதல் மூன்று அத்தியாயங்களைத் தொடங்கிவிடுவேன், ஐந்தாவதைத் தொட மாட்டேன். ஒப்புதல் எத்தனை நாள் தள்ளிப் போகிறதோ, அத்தனை நாள் 27ஆம் தேதியும் தள்ளிப் போகும். என் கையில் இல்லாத ஒரே நாள் கணக்கு இதுதான், அதனால் முன்பே சொல்லிவிடுகிறேன்.

முதல் மூன்று அத்தியாயங்களை 13ஆம் தேதி வெள்ளிக்கிழமை தந்துவிட முடியும். மருத்துவர் அப்போதே படிக்கத் தொடங்கலாம், முடிவில் அவருக்குச் சுமை குறையும். முழுப் பிரதியின் மீதான அவர் குறிப்புகள் மார்ச் 5க்குள் வந்தால் 7ஆம் தேதி இறுதிப் பிரதி தருவேன். 9 முதல் 11 வரை உங்கள் வடிவமைப்பாளர், 12 அன்று நான் பக்கங்களைப் பார்ப்பேன், 13 அன்று அச்சகம். பயிற்சி மார்ச் 23 என்பதால் நெருக்கடி இல்லாமல் போய்விடும் என்று நினைக்கிறேன்.

பக்கம் பார்க்கும் அந்த 4 மணி நேரத்தை மட்டும் தயவுசெய்து குறைக்க வேண்டாம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறு வெளியீட்டுக்கு மொழிபெயர்த்துக் கொடுத்தேன். யூனிகோடில் கொடுத்த கோப்பை அச்சுக்காகப் பழைய எழுத்துருவுக்கு மாற்றியிருக்கிறார்கள், கொம்புகள் இடம் மாறிவிட்டன. யாரும் பார்க்காமல் 2,000 பிரதிகள் அச்சாகிவிட்டன. இந்தக் கையேட்டில் அப்படி நடக்கக் கூடாது. உங்கள் வடிவமைப்பாளர் இன்டிசைன் பயன்படுத்தினால் `Adobe World-Ready Paragraph Composer` தேர்வில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். தமிழ் எழுத்துகள் சரியாகச் சேர அது தேவை. அப்புறம், தமிழ்ப் பிரதியில் சொற்களின் எண்ணிக்கை ஆங்கிலத்தைவிடக் குறைவாகத்தான் வரும், ஆனால் சொற்கள் நீளமானவை. அதனால் பக்கங்கள் கூடும், அட்டவணைக் கட்டங்களைக் கொஞ்சம் அகலமாக வைக்கச் சொல்லுங்கள்.

கட்டணம் ஆங்கில மூலத்தின் சொற்கணக்கில். அப்படி வைத்தால் முடிவில் எண்ணிக்கை பற்றிக் கேள்வி வராது. புதிய சொற்கள் 12,300, சொல்லுக்கு 2.50 வீதம் 30,750 ரூபாய். திரும்ப வரும் 1,900 சொற்களுக்கு 75 பைசா வீதம் 1,425. இரண்டாவது வாசகருக்கு 8 மணி நேரம், 350 வீதம் 2,800. பக்கச் சரிபார்ப்பு 4 மணி நேரம், 400 வீதம் 1,600. கூட்டினால் 36,575. கலைச்சொல் பட்டியல், என் திருத்தம், மருத்துவர் குறிப்புகளை ஒருமுறை சேர்ப்பது எல்லாம் சொல் கட்டணத்துக்குள்ளேயே அடங்கும். ஆங்கில மூலமே பிறகு மாறினால் மாறிய பகுதிக்கு மணிக்கு 400 ரூபாய், தேதியையும் சேர்ந்து பேசிக்கொள்ளலாம். எனக்கு ஜிஎஸ்டி பதிவு இல்லை, அதனால் வரி தனியாகச் சேராது. முன்பணம் 11,000, மீதி 25,575 முழுப் பிரதி வந்த 15 நாட்களுக்குள் கிடைத்தால் போதும்.

20ஆம் தேதியே வேண்டும் என்று கட்டாயமானால், ஐந்தாம் அத்தியாயத்தை இன்னொருவரிடம் பிரித்துக் கொடுக்கும் வழி இருக்கிறது. நான் அதைப் பரிந்துரைக்கவில்லை. ஒரே மருந்துக்கு இரண்டு அத்தியாயங்களில் இரண்டு பெயர் வந்துவிடும் ஆபத்து அதில்தான் அதிகம்.

மூலக் கோப்பில் இரண்டு சந்தேகங்கள், இவற்றை மட்டும் இப்போதே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். பக்கம் 41இல் ஏஎஸ்வி முதல் தவணை 8 குப்பி என்று இருக்கிறது, பின்னிணைப்பில் அதே இடத்துக்கு 10 குப்பி என்று இருக்கிறது. எது சரி என்று அவர் எழுத்தில் சொல்ல வேண்டும், நானாக ஒன்றைத் தேர்ந்தெடுக்க மாட்டேன். இன்னொன்று, பக்கம் 22இல் விரியன் என்று பொதுவாக மட்டும் இருக்கிறது. கண்ணாடி விரியனா, சுருட்டை விரியனா, இரண்டுமா என்று தெரிய வேண்டும்.

இந்தத் தேதிகள் சரி என்றால் புதன்கிழமை, 4ஆம் தேதி மாலைக்குள் ஒரு வரி எழுதிவிடுங்கள். வியாழன் காலை தொடங்கிவிடுகிறேன். மூன்றாம் அத்தியாயத்தின் முதல் பக்கத்தை மாதிரிக்காகத் தமிழில் செய்து இத்துடன் இணைத்திருக்கிறேன். செவிலியர் ஒருவரைச் சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். எங்கே தடுக்குகிறது என்று சொன்னால் மற்ற பக்கங்களிலும் அதைச் சரிசெய்துகொண்டே போவேன்.

அன்புடன்,
இளவரசி
ஆங்கிலம் – தமிழ் மொழிபெயர்ப்பாளர், விழுப்புரம்