உள்ளகக் கணக்காய்வுக்கு முகாமைத்துவ பதில்: திருகோணமலை குளிர்களஞ்சியம்

கணக்காய்வுக் குழுவுக்கு,

நீங்கள் அனுப்பிய 22 ஸ்லைடுகளையும் பார்த்தோம். சுருக்கப் பக்கத்தில் ஐந்து கண்டறிதல்கள்தான் இருக்கின்றன. ஆனால் 17ஆம் ஸ்லைடின் அடியில் சின்ன எழுத்தில் இன்னொன்றும் இருப்பதால் அதையும் ஆறாவதாக எடுத்துக்கொண்டோம். எங்கள் முதல் வரைவில் நாலு இடத்தில் பொறுப்பு "நிர்வாகம்" என்று இருந்தது. அப்படி எழுதினால் யாரும் செய்யமாட்டார்கள், எனவே ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒரு பதவியைப் போட்டிருக்கிறோம்.

1. பற்றுச்சீட்டு இல்லாத எட்டு சில்லறைக் காசு வவுச்சர்கள், ரூ. 41,350. ஏற்கிறோம். பற்றுச்சீட்டு இல்லையென்றால் இனிக் காசு இல்லை. பொறுப்பு: காசாளர், உடனடியாக.

2. ஜெனரேட்டர் டீசல். வாங்கியது 1,840 லீட்டர், லொக் புத்தகத்தில் 1,515, வித்தியாசம் 325. எண்ணிக்கையை ஏற்கிறோம், ஸ்லைடின் தலைப்பில் உள்ள "முறைகேடு" என்ற சொல்லை ஏற்கவில்லை. மணிநேர மீட்டர் பழுதாகிக் கிடக்கிறது, இரவில் கரண்ட் போனால் காவலாளிதான் ஜெனரேட்டரைப் போடுகிறார், அவர் லொக் புத்தகத்தைத் தொடுவதில்லை, தன் கேட் புத்தகத்தில் மட்டும் நேரத்தைக் குறிக்கிறார். அதை எடுத்துக் கூட்டினால் லொக்கில் இல்லாத 17 மணிநேரம் வருகிறது. மணிக்கு 12.5 லீட்டர் என்றால் 212.5 லீட்டர். மிச்சம் 112.5 லீட்டருக்கு எங்களிடம் பதில் இல்லை, இருப்பதாகச் சொல்லவும் மாட்டோம். மீட்டரை மாற்றி, காலையும் மாலையும் தாங்கியில் அளவுகோல் விட்டுப் பார்த்து எழுத வேண்டும். பொறுப்பு: பராமரிப்பு மேற்பார்வையாளர், ஜூலை 31. களஞ்சியப் பொறுப்பாளரை வேண்டுமென்றே போடவில்லை, டீசலை வாங்குபவரே அவர்தான். மூடுவதற்கான ஆதாரமாக இரண்டு மாத அளவுப் பதிவைக் கேட் புத்தகத்தோடு சேர்த்து அனுப்புவோம்.

3. ஓடரும் பெறுதலும் ஒரே ஆள் செய்வது. பகுதியளவில் ஏற்கிறோம். ஒன்பது பேர் உள்ள இடத்தில் புதிய ஆளை எடுக்கும்படி பரிந்துரைப்பது நடக்கிற காரியமல்ல. அதற்குப் பதிலாக ஓடருக்குக் கிளை முகாமையாளரின் முன் அனுமதி வேண்டும், சாமான் வந்ததும் எண்ணிக் கையெழுத்திடுவது கணக்கு எழுதுவினைஞர். பொறுப்பு: கிளை முகாமையாளர், ஜூலை 15.

4. ஒரே கடவுச்சொல்லை மூவர் பாவிப்பது. ஏற்கிறோம், போன கிழமையே மாற்றியாயிற்று. பொறுப்பு: கணக்காளர்.

5. மார்ச் மாதச் சேமலாப நிதி மே மாதம் செலுத்தப்பட்டது. ஏற்கிறோம், இதற்குச் சாட்டு எதுவும் இல்லை. அடுத்த மாதக் கடைசி வேலை நாளுக்குள் போகவேண்டிய பணம் அது. மேலதிகக் கட்டணத்தை நிறுவனமே கட்டும், ஊழியர் சம்பளத்தில் ஒரு சதமும் கழிக்கப்படாது. இனி ஒவ்வொரு மாதமும் 20ஆம் திகதிக்குள். பொறுப்பு: கணக்காளர்.

6. குளிரறை வெப்பநிலைத் தாளில் ஞாயிற்றுக்கிழமைகள் வெறுமை. சரியாகத்தான் பிடித்திருக்கிறீர்கள். இதை அடிக்குறிப்பாக விட்டது ஏன் என்று தெரியவில்லை, மீன் கெட்டால் டீசலை விட நட்டம் பெரிது. இதன் ஆபத்து மட்டத்தை உயர்த்துங்கள். ஞாயிறு முறைப் பணியாளர் மூன்று தடவை எழுதுவார், திங்கள் காலை தாளில் ஒப்பமிடும் பொறுப்பு உற்பத்தி மேற்பார்வையாளருக்கு, இந்த ஞாயிறிலிருந்து.

கிளை முகாமையாளர்