பாடத் திட்டம்: காதல் கவிதைகள், அன்றும் இன்றும் அங்கும் இங்கும்

வகுப்பு: பி.ஏ. தமிழ், இரண்டாம் ஆண்டு, ஒப்பிலக்கியம்
நேரம்: வியாழன், 3, 4-ஆம் பாடவேளைகள் (மொத்தம் 100 நிமிடம்)
கையில் இருக்க வேண்டியவை: ஜெராக்ஸ் 38, கண்ணாடி டம்ளர், தண்ணீர் பாட்டில், ஒரு பிடி செம்மண் (மைதானத்துக்குப் பின்னால் கிடைக்கும்)

பி பிரிவை நீங்கள் எடுப்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். "காதல் எல்லா நாட்டிலும் ஒன்றுதான் சார்" என்று முதல் ஐந்து நிமிடத்துக்குள் யாராவது சொல்வார்கள். அந்த வாக்கியத்துக்கு இன்று தடை என்று கரும்பலகையிலேயே எழுதிவிடுங்கள். அதற்குக் கீழே நமது ஒரே கேள்வி: யார், யாரிடம், எப்போது பேசுகிறார்?

முதல் 35 நிமிடம்: குறுந்தொகை 40

யாயும் ஞாயும் யாரா கியரோ
எந்தையும் நுந்தையும் எம்முறைக் கேளிர்
யானும் நீயும் எவ்வழி யறிதும்
செம்புலப் பெயனீர் போல
அன்புடை நெஞ்சந் தாங்கலந் தனவே.

பள்ளியிலேயே படித்திருப்பார்கள், அதனால் பொருள் சொல்லி நேரத்தை வீணாக்க வேண்டாம். டம்ளரில் செம்மண்ணைப் போட்டுத் தண்ணீரை ஊற்றிக் கலக்கி, முன் பெஞ்சில் இருக்கும் ஒருவரிடம் கொடுத்து, "தண்ணீரை மட்டும் தனியாக எடு" என்று சொல்லுங்கள். வகுப்பு சிரிக்கும், சிரிக்கட்டும். டம்ளர் மேசையிலேயே இருக்கட்டும், பிறகு வேண்டும்.

அப்புறம்தான் துறைக் குறிப்பை வாசிக்க வேண்டும், அதற்கு முன்னால் வேண்டாம். இவன் தன்னைப் பிரிந்துபோய்விடுவானோ என்று தலைவி பயப்படுகிறாள், அவள் முகம் மாறியதைப் பார்த்துத் தலைவன் சொல்வது இது. இதைக் கேட்டதும் பாட்டே வேறாகிவிடும். இவ்வளவு நேரம் கொண்டாட்டமாகக் கேட்டது, பயந்த பெண்ணுக்குச் சொல்லும் சமாதானமாக மாறிவிடும். அவள் நம்பினாளா? பாட்டில் பதில் இல்லை. இங்கே ஐந்து நிமிடம் பேசவிடுங்கள். டம்ளரில் மண் அடியில் படிய ஆரம்பித்திருப்பதை யாராவது கவனித்துச் சொன்னால் அன்றைய வகுப்பு ஜெயித்த மாதிரி.

அடுத்த 25 நிமிடம்: சாஃபோ

கிரேக்கம், கி.மு. 600-ஐ ஒட்டிய காலம், லெஸ்போஸ் தீவு. 31-ஆம் துணுக்கு. ஜெராக்ஸில் இருப்பது ஆங்கிலம் வழியாக நான் செய்த உரைநடை, இதை மாணவர்களிடம் மறைக்க வேண்டாம். உன் எதிரே உட்கார்ந்து உன் பேச்சைக் கேட்கிற அவன் கடவுளுக்குச் சமம் என்று தொடங்கி, நாக்கு உடைந்துபோவது, தோலுக்கடியில் மெல்லிய தீ ஓடுவது, கண் இருள்வது, காது இரைவது, வியர்வை, நடுக்கம், புல்லைவிடப் பச்சையாக வெளிறுவது என்று உடம்பே பேசுகிறது. செம்புலத்தில் உடம்பு எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். அங்கே நிலம்தான் உடம்பு.

பேர் விஷயத்தையும் தொடுங்கள். அகப்பாட்டில் ஒருவரைப் பெயர் சுட்டிச் சொல்லக் கூடாது என்பது தொல்காப்பியம். சாஃபோவும் இந்தக் கவிதையில் அவளுக்குப் பெயர் சொல்வதில்லை. இதே கவிதையை லத்தீனில் தனதாக்கிய கட்டுல்லஸ் 'லெஸ்பியா' என்று ஒரு பெயரைப் போட்டுவிடுகிறார். பெயர் வந்ததும் நமக்கு வம்பு கேட்கும் ஆசை வந்துவிடுகிறது இல்லையா? அதைத்தான் பேச வேண்டும்.

அடுத்த 30 நிமிடம்: ஷேக்ஸ்பியரும் வள்ளுவரும்

முதலில் சினிமாப் பாட்டுகளில் பெண்ணை எதனோடெல்லாம் ஒப்பிடுகிறார்கள் என்று கேட்டுப் பலகையில் எழுதுங்கள். நிலா, மீன், முத்து, மேகம் எல்லாம் வரும். பிறகு 1609-இல் அச்சான சானெட்டுகளில் 130-ஆவது: என் காதலியின் கண் சூரியன் மாதிரி இல்லவே இல்லை, பவளம் அவள் உதட்டைவிடச் சிவப்பு, கூந்தல் கறுப்புக் கம்பி. சொல்லச் சொல்ல, பலகையில் இருப்பதை மாணவர்களே அழிக்கட்டும்.

உடனே குறள் 1117:

அறுவாய் நிறைந்த அவிர்மதிக்குப் போல
மறுவுண்டோ மாதர் முகத்து.

இரண்டு பேருக்கும் உவமை போதவில்லை. வள்ளுவருக்கு நிலா அவளுக்குக் கீழே நின்றுவிடுகிறது, அதில் கறை இருக்கிறது. ஷேக்ஸ்பியருக்கு அந்த உவமைகளெல்லாம் பொய், அவள் தரையில் கால் பதித்து நடக்கிற பெண். எது பெரிய பாராட்டு? கை தூக்கச் சொல்லி எண்ணுங்கள். எனக்குப் போன வருடம் வள்ளுவர் பக்கம்தான் கை அதிகம், அதிலும் பெண்கள் பாதிப் பேர் தூக்கவே இல்லை. "இரண்டிலும் அவள் பேசவே இல்லையே" என்று ஒருத்தி சொன்னாள். அந்தக் கேள்வி தானாக வராவிட்டால் நீங்களே போட்டுவிடுங்கள், சாஃபோவுக்குத் திரும்பிப் போக நல்ல வழி.

மீதி 10 நிமிடம், வீட்டு வேலை

நெரூதாவின் 1924 தொகுப்பில் 20-ஆவது கவிதை, குறுந்தொகை 28 (ஔவையார், "முட்டு வேன்கொல் தாக்கு வேன்கொல்"). இரண்டிலும் தனியாக ஒருவர், வலியோடு பேசுகிறார். இங்கே ஊர் தூங்குகிறது, அங்கே இரவில் நட்சத்திரங்கள் தூரத்தில் நடுங்குகின்றன. யாரிடம் பேசுகிறார்கள் என்று ஒரு பக்கம், கையால் எழுதி, திங்கள் காலை. பத்து மதிப்பெண்: வரியைக் காட்டி வாதிட்டால் ஏழு வரை, தடை செய்த அந்த வாக்கியம் வந்தால் இரண்டு குறையும்.